டிப்ஸ் பெட்டியும் சர்வீஸ் சார்ஜும்: நோட்டீஸைப் பற்றி நீங்கள் கேட்டவை

இனி பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ் கிடையாது, டிப்ஸ் பெட்டியில் சேர்ந்து எல்லோருக்கும் பிரியும் என்று ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டிய நோட்டீஸ் ஒரே பக்கம்தான். அதைப் படித்த பிறகு சப்ளை, கிச்சன், ஹவுஸ்கீப்பிங் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. சிலர் நேரில் கேட்டார்கள், சிலர் துண்டுச்சீட்டில் எழுதி அக்கவுண்ட்ஸ் ஜன்னலில் போட்டார்கள். சிலர் டீக்கடையில் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது. அவற்றுக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவின் பதில்கள் இவை. கணக்கு புரிவதற்காக ஒரு மாதத்தின் தொகையை முழு எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

பில்லிலேயே 10% வந்துகொண்டிருந்ததே, அதை ஏன் எடுத்தீர்கள்?

சட்டப்படி இனி அதைப் பில்லில் தானாகச் சேர்க்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், ஹோட்டலோ உணவகமோ சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக்கூடாது, கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொன்னது. உணவக உரிமையாளர் சங்கங்கள் நீதிமன்றம் போனதால் அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு 2025 மார்ச் 28 அன்று, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்கள். சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன. அதைச் சாக்கு வைத்து நாம் பழையபடி வாங்க முடியாது.

கஸ்டமர் பக்கமிருந்து பார்த்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டவருக்கு நாம் 100 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் போட்டு, மொத்தம் 1,100க்கு 5% ஜிஎஸ்டி போட்டு, 1,155 ரூபாய் பில் கொடுத்தோம். அதாவது டிப்ஸுக்கும் அவர் வரி கட்டினார். இப்போது மெனு விலை 5% ஏறிய பிறகும் அதே சாப்பாட்டுக்கு பில் 1,102 ரூபாய் 50 காசுதான். மேலே அவர் 50 வைத்தாலும் 100 வைத்தாலும் அது அவர் விருப்பம், அதற்கு வரியும் இல்லை.

அப்போ எங்களுக்கு வருமானம் குறையுமா, குறையாதா? நேராகச் சொல்லுங்கள்.

கைக்கு வருவது கொஞ்சம் குறையும்.

மாதம் உணவு விற்பனை 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 10% சர்வீஸ் சார்ஜ் 1,20,000 ரூபாய். அது முழுவதும் உங்களுக்கு வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு ‘பிரேக்கேஜ்’ என்று நிர்வாகத்திடம் நின்றது. மீதி 96,000 ரூபாய் 28 பேருக்குப் பிரிந்தது, தலைக்குச் சராசரி 3,400 சொச்சம். இப்போது கார்டு, யுபிஐ, பெட்டி மூன்றும் சேர்ந்து மாதம் 48,000 வருகிறது, தலைக்குச் சராசரி 1,700. பாதியாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது இதனால்தான்.

ஆனால் இதோடு சேர்த்து இன்னொன்றும் நடந்திருக்கிறது. மெனு விலையை 5% ஏற்றி, அந்தப் பணத்திலிருந்து ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளத்திலும் 1,500 ரூபாய் கூட்டியிருக்கிறோம். விலையை எவ்வளவு வைப்பது என்பது ஹோட்டலின் உரிமை, வழிகாட்டுதல் அதில் தலையிடவில்லை. சர்வீஸ் சார்ஜுக்குப் பிஎஃப் கிடையாது, சம்பளத்துக்கு உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளம் பிஎஃப் வரம்பான 15,000க்குள் இருந்தால், கூடிய 1,500க்கு உங்கள் பங்கு 180 ரூபாய் பிடிக்கப்படும், ஹோட்டல் இன்னொரு 180 போடும். ஹோட்டல் போடுவதில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது. இஎஸ்ஐ-க்கும் 11 ரூபாய் சொச்சம் பிடிப்பார்கள்.

ஆக, மாதக் கடைசியில் கையில் எண்ணும்போது சராசரியாக 400 ரூபாய் குறையும். அதில் 180 உங்கள் பிஎஃப் கணக்கிலேயே இருக்கும். மழை மாதத்தில் கூட்டம் இல்லை என்றாலும் இந்த 1,500 குறையாது. ஆனால் இந்த மாதமே பீஸ் கட்ட வேண்டியவருக்கு இதெல்லாம் ஆறுதல் இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் மேலே எண்களை அப்படியே எழுதியிருக்கிறோம்.

என் பங்கை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

பாயிண்ட் முறைதான். வேலைக்கு ஒரு பாயிண்ட், அதை டியூட்டி பார்த்த நாட்களால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கஸ்டமரை நேரில் பார்க்கிற சப்ளையர், கேப்டன், ரூம் பாய், பெல்பாய் ஆகியோருக்கு ஒரு நாளைக்கு 10 பாயிண்ட். கிச்சன், கேஷ் கவுண்டர், ரிசப்ஷன் ஆட்களுக்கு 8. பாத்திரம் கழுவுபவர், டேபிள் க்ளீனர், லாண்டரி ஆட்களுக்கு 7.

மாதிரி மாதத்தில் முதல் பிரிவில் 12 பேர் சேர்ந்து 300 நாள் டியூட்டி பார்த்தார்கள், 3,000 பாயிண்ட். இரண்டாம் பிரிவில் 8 பேர், 200 நாள், 1,600 பாயிண்ட். மூன்றாம் பிரிவிலும் 8 பேர், 200 நாள், 1,400 பாயிண்ட். மொத்தம் 6,000. பெட்டியில் சேர்ந்தது 48,000 ரூபாய். அப்படியானால் ஒரு பாயிண்ட் 8 ரூபாய்.

26 நாள் வந்த சப்ளையருக்கு 260 பாயிண்ட், 2,080 ரூபாய். 26 நாள் வந்த தோசை மாஸ்டருக்கு 208 பாயிண்ட், 1,664 ரூபாய். 25 நாள் வந்த பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு 175 பாயிண்ட், 1,400 ரூபாய். மாத நடுவில் சேர்ந்து 12 நாள் மட்டும் வந்த சப்ளையருக்கு 960.

அந்த மாதத்து மொத்தத் தொகை, மொத்தப் பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு மூன்றும் 5ஆம் தேதி பலகையில் இருக்கும். உங்கள் டியூட்டி நாள் மஸ்டரில் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து மொபைல் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு ரூபாய் இடித்தாலும் ஜன்னலுக்கு வாருங்கள்.

கஸ்டமரிடம் நின்று பேசி, திட்டு வாங்கி, டிப்ஸ் சம்பாதிப்பது நான். பாத்திரம் கழுவுகிறவருக்கு ஏன் பங்கு?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, சப்ளையர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மூன்றாம் பிரிவைப் பங்கிலிருந்து எடுத்துவிட்டால் மொத்தம் 4,600 பாயிண்ட்தான், ஒரு பாயிண்ட் 10 ரூபாய் 43 காசு. 26 நாள் வந்த சப்ளையருக்கு 2,713 வரும். அதாவது இந்த முறையில் நீங்கள் மாதம் 633 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இருந்தும் ஏன் வைத்தோம்? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணியை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு பின்னாலிருந்து வரவில்லை என்றால் எவ்வளவு நல்ல சப்ளையரானாலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். டேபிள் துடைத்து அடுத்த குடும்பம் உட்காரப் பத்து நிமிடம் ஆனால் அந்தக் குடும்பம் வைக்கிற டிப்ஸும் அந்தப் பத்து நிமிடத்திலேயே கரைந்துவிடும். தட்டில் பிசுக்கு இருந்தால் திட்டு உங்களுக்கு, டிப்ஸும் இல்லை. அவர்கள் வேலை சரியாக நடந்தால்தான் உங்களுக்கு டிப்ஸ் வருகிறது. ஆனால் அவர்கள் கையில் பத்து ரூபாய் கொடுக்க எந்தக் கஸ்டமரும் பின்கட்டுக்கு வருவதில்லை.

அதே நேரம், சிரித்துப் பேசிச் சமாளிக்கிறவருக்குக் கொஞ்சம் கூட வர வேண்டும் என்பதும் சரி. அதற்குத்தான் 10, 7 என்ற வித்தியாசம். இதைவிட அகலமாக வைக்கலாமா, குறைக்கலாமா என்பதில் அக்கவுண்ட்ஸிலேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஆறு மாதம் கழித்து மூன்று பிரிவு ஆட்களையும் உட்காரவைத்துப் பேசி மாற்றலாம் என்று நோட்டீஸின் கடைசி வரியில் இருக்கிறது.

கஸ்டமர் என் கையில் நேராகக் கொடுத்தால் அது என்னுடையதா, பெட்டிக்கா?

கையில் கொடுத்தது உங்களுடையது. பில் ஃபோல்டரில் வைத்தது, சோம்புத் தட்டில் போட்டது, கார்டில் அல்லது கவுண்டர் யுபிஐ-யில் சேர்த்துக் கட்டியது எல்லாம் பெட்டிக்கு.

இதில் ஓட்டை இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். “சார், கார்டில் போட்டா எங்களுக்கு வராது, கையில் குடுங்க” என்று சொல்கிற ஆள் எல்லா ஹோட்டலிலும் உண்டு. சொந்த ஜிபே எண்ணைக் காட்டுகிறவரும் உண்டு. இது மறைவதில்லை. டேபிள் நம்பர்படி பில் வருகிறது. மற்ற செக்ஷன்களில் பத்து கார்டு பில்லில் மூன்றில் டிப்ஸ் இருக்கும்போது, ஒருவருடைய செக்ஷனில் மட்டும் வாரம் முழுக்க ஒன்றுகூட இல்லை என்றால் அங்கே ஏதோ நடக்கிறது. முதலில் கேப்டன் கூப்பிட்டுப் பேசுவார். மறுபடியும் நடந்தால் அந்த மாதம் அவருக்குப் பெட்டிப் பங்கு கிடையாது, அந்தத் தொகை மற்றவர்களுக்குப் பிரியும்.

கையில் கொடுப்பதையும் பெட்டியில் போடச் சொல்லலாமே என்று கிச்சனிலிருந்து கேட்டார்கள். போடச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள், பொய் சொல்ல வைத்ததுதான் மிச்சமாகும்.

கார்டில் வந்த டிப்ஸில் பேங்க் கமிஷனைப் பிடிக்கிறீர்களா?

பிடிப்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ-க்குக் கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை. கிரெடிட் கார்டுக்கு உண்டு, அதை ஹோட்டல் ஏற்றுக்கொள்கிறது. கஸ்டமர் 100 போட்டால் பெட்டிக்கு 100 வரும்.

கிளாஸ் உடைந்தால், கஸ்டமர் பில் கட்டாமல் போனால், பெட்டியிலிருந்து எடுப்பீர்களா?

இனி எடுக்க மாட்டோம். பிரேக்கேஜ் பிடித்தம் சர்வீஸ் சார்ஜோடு போய்விட்டது. பெட்டிப் பணம் கஸ்டமர் உங்களுக்குக் கொடுத்தது, ஹோட்டலின் நஷ்டத்தை அதில் கழிப்பது முறையில்லை. ஒருவர் வேண்டுமென்றோ பெரிய அலட்சியத்தாலோ சேதம் செய்தார் என்றால் அது தனி விவகாரம். அப்போதும் அவரிடம் விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் கை வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ரூமில் விட்டுவிட்டுப் போன பணம்? எது டிப்ஸ், எது மறந்துபோனது?

ரூம் பாய்களுக்கு இது தினமும் வருகிற தலைவலி. கெஸ்ட் காலி செய்யாதவரை ரூமில் கிடக்கிற எந்தப் பணத்தையும் தொடாதீர்கள். தலையணை மேல் நூறு ரூபாய் இருந்தாலும் சரி. அவர் கையில் கொடுத்தாலோ, உங்களுக்கு என்று எழுதி வைத்திருந்தாலோதான் எடுக்கலாம்.

செக்-அவுட் முடிந்த பிறகு, கட்டில் மேல், தலையணை மேல், டீ கெட்டில் பக்கத்தில் என்று கண்ணில் படும்படி வைத்த சிறு தொகையை டிப்ஸாக எடுத்துக்கொள்ளலாம். டிராயருக்குள், அலமாரியில், மெத்தைக்கு அடியில், பாத்ரூம் ஸ்டாண்டில் கிடைத்தால் அது மறந்தது. சூப்பர்வைசரிடம் கொடுத்து, ரூம் நம்பர், நேரம், தொகை மூன்றையும் தொலைந்த பொருள் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கண்ணில் படும்படி இருந்தாலும் 500க்கு மேல் என்றால் ரிசப்ஷனிலிருந்து கெஸ்டுக்கு ஒரு போன் போடுவோம். மீனாட்சி கோயில் அவசரத்தில் பர்ஸ் காசை மேஜையில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. டிப்ஸ்தான் என்று அவர் சொல்லிவிட்டால் உங்களுக்கே வந்துவிடும், திருட்டுப் பேச்சுக்கும் இடமிருக்காது.

மூன்று நாள் தங்கியவர் கடைசி நாள் வைத்த பணம், அன்று ரூம் போட்டவருக்கு மட்டும் போகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். அதைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி நாள் அதிர்ஷ்டம் மாறி மாறி எல்லோருக்கும் வரும் என்று விட்டிருக்கிறோம்.

கல்யாண பார்ட்டியில் பெண் வீட்டார் மொத்தமாகக் கொடுக்கிற பணம்?

அது மாதப் பெட்டிக்குப் போகாது. அன்று ராத்திரியே, அந்த விசேஷத்தில் வேலை செய்தவர்களுக்குள் தலைக்குச் சமமாகப் பிரியும். அன்றைக்குக் கூப்பிட்ட தினக்கூலி ஆட்களும் அதில் சேர்த்தி. காலை நாலு மணிக்கு வந்து இலை போட்டவரை, ஆள் நம்முடையவர் இல்லை என்று விடுவது நன்றாக இல்லை. பணத்தை வாங்கிய கேப்டன், வாங்கும்போது இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முகூர்த்த மாதங்களில் வந்த சண்டை முக்கால்வாசி “எவ்வளவு குடுத்தாங்க” என்பதில்தான் தொடங்கியது.

மேனேஜருக்கும் முதலாளி வீட்டு ஆட்களுக்கும் பங்கு உண்டா?

இல்லை. மேனேஜர், அக்கவுண்ட்ஸ், முதலாளி குடும்பத்தார் யாருக்கும் பாயிண்ட் கிடையாது. கூட்ட நாளில் மேனேஜர் தானே இறங்கிச் சப்ளை செய்தாலும் கிடையாது. இந்தப் பதிலை எழுதுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

பெட்டியை யார் எண்ணுகிறார்கள்?

சப்ளையிலிருந்து ஒருவர், கிச்சன் அல்லது க்ளீனிங்கிலிருந்து ஒருவர். தினமும் ராத்திரி கடை மூடியதும், கேமராவுக்குக் கீழே எண்ணி, டே புக்கில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்கள் மாதம் மாதம் மாறுவார்கள். கார்டு, யுபிஐ டிப்ஸைக் கேஷியர் தனி வரியில் காட்டுவார்.

ட்ரெய்னிங் வந்த காலேஜ் பசங்களுக்கு?

அவர்கள் எந்த வேலை செய்கிறார்களோ அந்தப் பிரிவின் பாயிண்ட். ஸ்டைபெண்ட் குறைவு, நிற்கிற நேரம் ஒன்றுதான்.

லீவ் எடுத்தால், நடுவில் நின்றுவிட்டால்?

வார லீவ், சொந்த லீவ், உடம்பு சரியில்லாத லீவ் எதற்கும் பாயிண்ட் வராது, வேலைக்கு வந்த நாள் மட்டும்தான். வேலையில் அடிபட்டு லீவில் இருந்தால் முதல் ஏழு நாளுக்குப் பாயிண்ட் உண்டு. மாத நடுவில் நின்றவருக்கு அதுவரை பார்த்த நாளுக்கான பங்கு, மற்றவர்களோடு அடுத்த மாதம் 5ஆம் தேதி வங்கிக் கணக்கில் விழும். சொல்லாமல் நின்றார், கோபித்துக்கொண்டு போனார் என்று அதைப் பிடித்துவைக்க மாட்டோம்.

டிப்ஸ்தான் வருகிறதே என்று நாளைக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட மாட்டீர்களே?

முடியாது. குறைந்தபட்ச ஊதியம் என்பது ஹோட்டல் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது, கஸ்டமர் கொடுத்ததை அதில் சேர்த்துக் காட்ட முடியாது. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கில் 1976லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. அங்கே தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டபோது, சர்வீஸ் சார்ஜில் பங்கு போகிறதே என்று நிர்வாகம் வாதாடியது. அந்தப் பணம் கஸ்டமரிடமிருந்து வந்தது, ஹோட்டலின் வருமானத்திலிருந்து கொடுத்ததல்ல என்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

இதற்கு வருமான வரி பிடிப்பீர்களா?

நாங்கள் பிடிக்க மாட்டோம். கார்டில் வந்த டிப்ஸை ஹோட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்தால் அது சம்பளம் ஆகாது, அதற்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று ஐடிசி வழக்கில் 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹோட்டல் அந்தப் பணத்தை உங்கள் சார்பில் வைத்திருந்து ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஃபார்ம் 16-இல் இது இருக்காது.

வரியே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் காட்ட வேண்டும். நம்மில் அனேகமாக எல்லோருக்கும் மொத்த வருமானம் வரி வராத அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு லோனுக்குப் போகும்போது, பெட்டிக் கணக்கில் உங்களுக்கு வந்த தொகையை லெட்டர்ஹெட்டில் கேட்டால் எழுதித் தருகிறோம். லோன் கிடைக்க அது எவ்வளவு உதவும் என்பது அந்த பேங்க் மேனேஜரைப் பொறுத்தது.

கஸ்டமரே “சர்வீஸ் சார்ஜ் போடலையா?” என்று கேட்டால் என்ன சொல்ல?

“இல்லைங்க, பில்லில் உள்ளது மட்டும்தான். விருப்பமிருந்தா ஃபோல்டரில் வைக்கலாம், எல்லாருக்கும் பிரியும்” என்று சொன்னால் போதும். கேட்காதவரிடம் இதைச் சொல்லாதீர்கள், கார்டு மெஷினில் டிப்ஸ் திரையை நீங்களே அழுத்தவும் செய்யாதீர்கள். கட்டாயப்படுத்தியதாக ஒருவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டால், பதில் சொல்ல வேண்டியது ஹோட்டல்.